குல்ஷன் மேடத்தின் அறுபத்து மூன்று வரிகள்

குல்ஷன் மேடம் எங்கள் கடைக்குள் முதல் முறை காலெடுத்து வைத்ததே சண்டையோடுதான். அதற்கு முன்னால் அவருடைய ஃபைல்கள் வாட்ஸ்அப்பில் வரும், நான் சரிசெய்து திருப்பி அனுப்புவேன், அவ்வளவுதான் பழக்கம். ஜூலை மாதம் ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு நேரில் வந்தார். லேப்டாப்பைத் திறந்தபடியே கையில் பிடித்துக்கொண்டு வந்து, கல்யாணப் பத்திரிகை மாதிரிகள் பரப்பியிருந்த மேசையின் மேல் வைத்தார்.

“யாரு இதை ஃபார்மேட் பண்ணது?”

கடையில் மூன்று பேர் இருந்தோம். மற்ற இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

“இன்னா ஆச்சு மேடம்?” என்று கடை முதலாளி சாலமோன் அண்ணன் ஜெராக்ஸ் மெஷினிலிருந்து திரும்பினார்.

“திருப்பி அனுப்பிட்டாங்க. உள்ளே என்ன எழுதியிருக்குன்னு கூடப் பாக்கலை. வாசலோட திருப்பிட்டாங்க.”

எங்கள் கடை குரோம்பேட்டை ஸ்டேஷனிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வரும் சந்தில் இருக்கிறது. பத்திரிகை, நோட்டீஸ், மாணவர்களின் பிராஜெக்ட் ரிப்போர்ட், பிஎச்.டி. ஆய்வேடு எல்லாம் அடிப்போம். பதினாறு வருடமாக நான் அங்கே டைப் செய்கிறேன். ஆய்வு என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் எங்களிடம் ஒரே அச்சுதான் உண்டு. ஆய்வேட்டுக்கு உண்டான அச்சு. மேலே கல்லூரி முத்திரை, அதற்குக் கீழே பெயர், பட்டம், வழிகாட்டியின் பெயர், அவருடைய பட்டங்கள். குல்ஷன் மேடத்தின் கட்டுரையையும் அதில்தான் ஊற்றியிருந்தேன்.

அந்தக் கட்டுரை போக வேண்டிய இடம் வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று. அங்கே கட்டுரையை மதிப்பிடுகிறவருக்கு எழுதியவர் யார் என்று தெரியக்கூடாது. பெயர்கள் எல்லாம் தனியாக ஒரு ஃபைலில் இருக்க வேண்டும், கட்டுரையில் இருக்கக்கூடாது. நான் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பெயரைப் போட்டு வைத்திருந்தேன். அது என் தப்பு. அட்டவணைகளைப் படமாக ஒட்டியிருந்தது இரண்டாவது குற்றம். அது அவர் தப்பு, எக்செல்லை அவர்தான் ஃபோட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். அதை நான் சொல்லவில்லை. சாலமோன் அண்ணன் சொன்னார்.

“டேபிளு நீங்க குட்த்த மாதிரிதான மேடம் கீது.”

“குடுத்தா அப்படியே ஒட்டிடுவீங்களா? கேக்க மாட்டீங்களா?”

அந்த இரண்டையும் அவரே திருத்தி, எங்களை நம்பாமல் அவரே அனுப்பினார். ஒன்பது நாளில் மறுபடியும் திரும்பி வந்தது. இந்த முறை சுருக்கவுரை நீளம் என்றார்கள். இருநூற்றைம்பது வார்த்தை இருக்க வேண்டிய இடத்தில் முந்நூற்று நாற்பது இருந்தது. முக்கியக் கருத்துகள் என்று தனியாக வைக்க வேண்டிய நான்கைந்து வரிகளும் இல்லை. கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். ஆசிரியர்களுக்கான விதிமுறைகளை முழுமையாகப் படிக்கவும், அடுத்த முறையும் குறை இருந்தால் கட்டுரை பரிசீலிக்கப்படாது.

அதைக் காட்டத்தான் மறுபடி வந்தார். வேறு கடை அந்தச் சந்தில் இல்லை என்பதைத் தவிர எங்களிடம் வருவதற்கு அவருக்குக் காரணம் எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

மேடத்துக்கு அப்போது முப்பத்தாறு வயது. வண்டலூர் தாண்டி ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் சிவில் துறையில் பாடம் எடுக்கிறார். பிறந்தது பல்லாவரம். அப்பா டயர் வியாபாரம். வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவர் அவர்தான். கணவர் அக்தர் மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். குடியிருப்பது மேடவாக்கத்தில் நூற்றெண்பது வீடு உள்ள அடுக்ககம். வருடத்தில் எட்டு மாதம் லாரித் தண்ணீர். மகள் சோயாவுக்கு மூன்று வயதில் முழங்கையிலும் கழுத்திலும் தடிப்பு வந்தது. டாக்டர் களிம்பு கொடுத்தார். மேடம் மட்டும் லாரியின் குழாயிலிருந்து ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கல்லூரி லேபுக்குக் கொண்டுபோனார். அங்கே தொடங்கியதுதான் பிஎச்.டி.

இவற்றை அவர் எனக்குச் சொன்னதில்லை. சுருக்கவுரையைக் குறைக்கும்போது, ஃபோனில் பேசும்போது, சாலமோன் அண்ணனிடம் கோபத்தில் கத்தும்போது என்று துண்டு துண்டாகக் காதில் விழுந்தது. நான் பேச மாட்டேன், கேட்டுக்கொண்டிருப்பேன்.

அவருடைய நிலைமை இதுதான். பல்கலைக்கழகத்தில் பதிவு செய்த காலம் அடுத்த மே மாதத்தோடு முடிகிறது. ஒரு முறை நீட்டித்தாயிற்று, இன்னொரு முறை கிடையாது. அதற்குள் இன்னும் ஒரு கட்டுரையை ஆய்விதழ் ஏற்றுக்கொண்டால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும். சாதாரண இதழ் என்றால் மதிப்பீட்டுக்கே ஒரு வருடம் போகும். நகரத் தண்ணீரைப் பற்றிய சிறப்பிதழ் ஒன்று வருகிறது, அதில் சீக்கிரம் முடிவு சொல்வார்கள். அதற்கு அனுப்பக் கடைசி நாள் அடுத்த வெள்ளிக்கிழமை. இன்னும் பத்து நாள். அது தவறினால் ஏழு வருடம் போச்சு.

“மேடம், அவங்க சொன்னதை மட்டும் திருத்தினா அடுத்ததைச் சொல்லுவாங்க. விதிமுறை மொத்தத்தையும் வரி வரியாப் பிரிச்சு எழுதிக்கலாமா?” என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

“என்ன?”

இரண்டாம் முறை சொன்னேன்.

“நீங்க படிச்சிருக்கீங்களா அதை? முப்பத்தொரு பக்கம். இங்கிலீஷ்ல இருக்கு.”

“படிக்கிறேன் மேடம்.”

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை அது.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். இங்கிலீஷ் வாக்கியம் எனக்கு மெதுவாகத்தான் ஓடும். அதனால் முதலில் சுலபமான வழியில் போனேன். விதிமுறைகளைத் திறந்து ‘மஸ்ட்’, ‘ஷுட்’, ‘மேக்ஸிமம்’, ‘டு நாட்’ என்று ஒவ்வொரு சொல்லாகத் தேடினேன். அந்தச் சொல் வந்த வாக்கியத்தை எல்லாம் எடுத்து எக்செல்லில் ஒரு வரிக்கு ஒன்றாகப் போட்டேன். நாற்பத்தொரு வரி வந்தது. முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் சந்தேகம் வந்து முதலிலிருந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். நிறைய விட்டிருந்தேன். சில விதிகள் விதி மாதிரியே எழுதப்படவில்லை, சும்மா செய்தி சொல்வதுபோல இருந்தன. சிறப்பிதழுக்குத் தனிப் பக்கம் இருந்தது. அனுப்பும்போது கட்டுரை வகை என்ற இடத்தில் சிறப்பிதழின் பெயரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கட்டுரை சாதாரண இதழுக்குப் போய்விடும் என்று அங்கே மட்டும்தான் போட்டிருந்தது. வார்த்தை எண்ணிக்கை பொதுப் பக்கத்தில் எட்டாயிரம், சிறப்பிதழ் பக்கத்தில் ஆறாயிரத்து ஐந்நூறு. குறைவானதை எழுதிக்கொண்டேன். ஒரு வாக்கியத்தில் மூன்று விதி இருந்தால் மூன்று வரியாகப் பிரித்தேன். கூட்டிப் பார்த்தால் அறுபத்து மூன்று.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் கட்டங்கள். விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது, கட்டுரையின் எந்த ஃபைலில் பார்க்க வேண்டும், இப்போது என்ன இருக்கிறது, சரியா இல்லையா. கடைசிக் கட்டம் கையெழுத்து.

அது எங்கள் கடைப் பழக்கம். ஒரு முறை மாப்பிள்ளையின் அப்பாவுக்கு இனிஷியல் மாறி அறுநூறு பத்திரிகை வீணாகி, நீதான் நான்தான் என்று பெரிய தகராறு ஆனது. அதிலிருந்து எதை அடித்தாலும் மாதிரித் தாளில் வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மெஷின் ஓடும். விதிமுறைப் பட்டியலிலும் அதையே வைத்தேன். எழுத்தளவு, வரி எண், படத்தின் தெளிவு, வார்த்தைக் கணக்கு இவையெல்லாம் நானே பார்த்து டிக் போடக்கூடியவை. நாற்பத்தொன்பது வரி அப்படி. மீதிப் பதினான்கு எனக்குத் தெரியாதவை. யார் என்ன வேலை செய்தார்கள், பணம் யார் கொடுத்தது, தரவு எங்கே கிடைக்கும். அவற்றுக்குப் பதில் சொல்கிறவர் அந்த வரியில் கையெழுத்துப் போட வேண்டும்.

சனிக்கிழமை மேடம் வந்தார். பட்டியலை நீட்டினேன். நின்றபடியே புரட்டினார்.

“இது என்ன, என் கையெழுத்து? போலீஸ் ஸ்டேஷனா?”

“கடை ரூல்ஸு மேடம்,” என்றார் சாலமோன் அண்ணன்.

“நான் அசிஸ்டென்ட் புரொஃபசர்.”

“அதான மேடம், கையெய்த்து நல்லா வரும்.”

மேடம் அவரை முறைத்தார். பிறகு உட்கார்ந்தார். அன்று மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நான் வரி வரியாகக் கேட்டேன். அவர் பதில் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் பெருமூச்சு. நான் ஒரு சொல்லைத் தப்பாக உச்சரித்தால் திருத்துவார். திருத்திவிட்டு, “இதுகூடத் தெரியாம எப்படித்தான்” என்று முடிக்காமல் விடுவார். ஆனால் பட்டியல் வேலை செய்தது. வரைபடங்களின் தெளிவு பாதிதான் இருந்தது, மூலத்திலிருந்து மறுபடி எடுத்தார். முக்கியக் கருத்து ஒவ்வொன்றும் இடைவெளியோடு சேர்த்து எண்பத்தைந்து எழுத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு கருத்து நூற்றுப்பத்து இருந்தது. “முன்பு எங்கள் ஆய்வில் கண்டபடி” என்று எழுதியிருந்த இடத்தில் யார் என்று காட்டிக்கொடுக்கிறதே என்று கேட்டேன். என்னை முதல் முறையாக நேராகப் பார்த்தார். பிறகு மாற்றினார்.

இருபத்தேழாம் வரியைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தேன். இது நான் சொல் தேடியபோது கிடைக்காத வரிகளில் ஒன்று, அதை மேடத்திடமும் சொன்னேன். கேள்வித்தாள் வைத்து மனிதர்களிடம் தகவல் வாங்கிய ஆய்வுகளில், எந்த நெறிக்குழு, அதாவது எதிக்ஸ் கமிட்டி, எந்த எண், எந்தத் தேதியில் அனுமதி கொடுத்தது என்பதை ஆசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். அவ்வளவுதான் வாக்கியம். கட்டாயம் என்று ஒரு சொல் இல்லை.

“நம்பர் என்ன மேடம்?”

அவர் பேனாவை மேசையில் வைத்தார்.

கட்டுரையில் இரண்டு பாகம் இருந்தது. லாரிகளிலிருந்து எடுத்த நாற்பத்தெட்டுத் தண்ணீர் மாதிரிகள் ஒன்று. இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் போய்க் கேட்ட கேள்விகள் இன்னொன்று. தோல் தடிப்பு உண்டா, வயிற்றுப்போக்கு உண்டா, தண்ணீரைக் காய்ச்சுகிறீர்களா. அந்த வீடுகளுக்கு மேடம் இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் போயிருந்தார். மேடவாக்கம், கோவிலம்பாக்கம், பள்ளிக்கரணை. அக்தருக்கு ஷிஃப்ட் இருக்கும் நாளில் சோயாவையும் இழுத்துக்கொண்டு. வாட்ச்மேன்கள் விரட்டியிருக்கிறார்கள். எதிலாவது சேரச் சொல்ல வந்தவர் என்று நினைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். உன் வீட்டுக்காரருக்கு இது தெரியுமா என்று ஒரு பெண் கேட்டிருக்கிறார்.

அனுமதி மட்டும் யாரிடமும் வாங்கவில்லை.

“அப்ப யாரும் சொல்லலை,” என்றார். என்னிடம் சொல்லவில்லை, தாளைப் பார்த்துச் சொன்னார். பிறகு குரல் மாறியது. “இதை இப்ப நீங்க கிளப்பணுமா? ரெண்டு தடவை அவங்களே பாத்தாங்க, கேக்கலையே.”

“மூணாவது தடவை கேட்டா, மேடம்?”

அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாலமோன் அண்ணன் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். “வர்ற கஸ்டமரை வெரட்டி வுடு. வாயே தொறக்க மாட்ட, தொறந்தா இப்டி.”

திங்கட்கிழமை மாலை மேடம் அவருடைய வழிகாட்டியோடு வந்தார். டாக்டர் குமரேசன். துறைத் தலைவரும் அவர்தான். காரைச் சந்துக்குள் கொண்டுவந்து, ஒரு தள்ளுவண்டியை நகர்த்தச் சொல்லிவிட்டு இறங்கினார். கட்டுரையில் இரண்டாவது பெயர் அவருடையது.

“எங்கம்மா அந்த லிஸ்ட்?” என்று கேட்டார். கொடுத்தேன். உட்காராமல் பார்த்தார். “இதுல என்ன பிரச்சனை? இது தண்ணியைப் பத்தின பேப்பர். நாம என்ன ஆபரேஷனா பண்ணோம்? எதிக்ஸ் கமிட்டி நம்ம காலேஜ்ல இருக்கு. நானே மெம்பர். ஒரு லெட்டர் போட்டா முடிஞ்சுது.” பாக்கெட்டிலிருந்து பென் டிரைவை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். “லெட்டர்ஹெட் இதுல இருக்கு. நான் சொல்லச் சொல்ல அடி. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி தேதி, ஜனவரி பத்துன்னு போட்டுக்கோ.”

மேடம் பத்திரிகை மாதிரிகளின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடியாது என்று சொல்ல எனக்கு வராது. வாழ்க்கையில் யாரிடமும் சொன்னதில்லை. பட்டியலை அவர் பக்கம் திருப்பி, இருபத்தேழாம் வரியில் கடைசிக் கட்டத்தைக் காட்டினேன்.

“இங்க ஒரு கையெழுத்து போட்டுடுங்க சார். அதுக்கப்புறம்தான் கம்ப்யூட்டர்ல கை வைக்கணும்.”

“எதுக்கு?”

“பதில் சொன்னவங்க போடணும் சார். மேடம் மத்ததுல எல்லாம் போட்டிருக்காங்க.”

அவர் குனிந்து படித்தார். நான் எழுதியிருந்தது நான்கே விஷயம். அனுமதி எண். அனுமதி தேதி. கடிதத்தைக் கண்ணால் பார்த்தவர். சொன்னவர். மற்ற வரிகளில் குல்ஷன் மேடத்தின் கையெழுத்து பதின்மூன்று இடத்தில் இருந்தது, நீல மையில்.

“நீ எதுவரைக்கும் படிச்சிருக்க?”

“ஒன்பதாவது, சார்.”

“ஒன்பதாவது.” மேடத்தின் பக்கம் திரும்பினார். “பாருங்க குல்ஷன். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ் எனக்கு. ஒன்பதாவது படிச்சவ என்கிட்ட கையெழுத்து கேக்கறா. இந்த மாதிரி இடத்துக்குத்தான் என்னைக் கூட்டிட்டு வருவீங்களா?”

“ரூல்ஸு சார். கல்யாணப் பத்திரிகைக்கே வாங்கறோம்,” என்றார் சாலமோன் அண்ணன். கஸ்டமரை விரட்டாதே என்று சொன்ன அதே ஆள்தான்.

“நீ பேசாதே.”

அப்போது மேடம் பேசினார். குரலை உயர்த்தவில்லை.

“போடுங்க சார். நீங்க சொன்ன தேதிதானே. நீங்கதானே மெம்பர்.”

“நீங்கதான் சர்வே எடுத்தீங்க. நீங்க போடுங்க.”

“எனக்கு அனுமதி குடுத்தது யாருன்னு எனக்குத் தெரியாதே சார். உங்களுக்குத் தெரியும்னுதானே சொல்றீங்க.”

தெருவில் தள்ளுவண்டிக்காரர் காரை எடுக்கச் சொல்லித் தட்டினார். சார் பேனாவைக் கையில் எடுத்திருந்தார். மூடியையும் கழற்றியிருந்தார். அந்தக் கட்டத்தின் மேல் கொஞ்ச நேரம் அது நின்றது. பிறகு மூடியைத் திரும்பப் போட்டார்.

“வாய்ல சொன்னா போதாதா? எல்லாத்துக்கும் எழுத்துல கேக்கறது என்ன பழக்கம்,” என்றார். பென் டிரைவைப் பொறுக்கிக்கொண்டார். “என்னமோ பண்ணுங்க. ஆனா சர்வே இல்லாம அந்தப் பேப்பர்ல ஒண்ணும் இல்லை, தெரிஞ்சுக்கோங்க. சர்வே என்னோட பிராஜெக்ட்டோட தலைப்பு. அதை எடுத்தீங்கன்னா அப்புறம் லேபுக்கு எதுக்கு வர்றீங்க.”

கார் பின்னோக்கியே போய் ரோட்டில் ஏறியது.

மேடம் என் எதிரில் உட்கார்ந்தார்.

“சந்தோஷமா உங்களுக்கு?”

நான் பட்டியலை மடித்து ஓரமாக வைத்தேன்.

“ரெண்டு வருஷம். அந்தக் கதவுங்களைத் தட்டினது நானு. நீங்க இல்லை, அவரு இல்லை. என் பொண்ணு மாடிப்படியில உக்காந்து ஹோம்வொர்க் பண்ணா. இப்ப இந்த ஒரு கட்டத்துக்காக அதைத் தூக்கிப் போடணும்.” அவர் அழவில்லை. அழுவார் என்று நினைத்தேன். “சிவப்புப் பேனா இருக்கா?”

கொடுத்தேன். அச்செடுத்த கட்டுரையைப் பிரித்து, ஒன்பதாம் பக்கத்திலிருந்து பதின்மூன்றாம் பக்கம் வரை மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டார். ஐந்து கோடு. பின்னால் இணைப்பாக வைத்திருந்த கேள்வித்தாளிலும் ஒரு கோடு. அதன் தலையில் கல்லூரி முத்திரையும் குமரேசன் சார் பெயரும் பெரிதாக இருந்ததை அப்போதுதான் இருவரும் கவனித்தோம். அது அப்படியே போயிருந்தால் பெயர் தெரியக்கூடாது என்ற விதியும் உடைந்திருக்கும்.

ஒரு பாகத்தை எடுத்துவிட்டால் கட்டுரை தானாக ஒட்டிக்கொள்ளாது. அடுத்த மூன்று நாளும் அந்த வேலைதான். தலைப்பில் இருந்து ‘உடல்நலம்’ போனது. சுருக்கவுரை புதிதாக எழுதப்பட்டது. இரண்டு அட்டவணையும் ஒரு படமும் போனதால் மற்றவற்றின் எண்கள் மாறின, உள்ளே அவற்றைச் சுட்டும் இடங்களும் மாறின. கடைசியில் உள்ள மேற்கோள் பட்டியலை ஒவ்வொன்றாகக் கட்டுரையில் தேடினேன். பதினொன்று இப்போது எங்கும் வரவில்லை, வெளியே எடுத்தோம். ஒன்று உள்ளே வந்தது, பட்டியலில் இல்லை. ஏற்கெனவே டிக் போட்ட நாற்பத்தொன்பது வரியையும் அழித்துவிட்டு முதலிலிருந்து பார்த்தேன். மேடம் அதற்கும் எரிந்து விழுந்தார்.

“அதான் பாத்தாச்சே.”

“அது பழைய ஃபைலு மேடம்.”

இருபத்தேழாம் வரியில் ‘பொருந்தாது, மனிதர்களிடம் தகவல் பெறவில்லை’ என்று அடித்தேன். அதில் மேடம் கையெழுத்துப் போட்டார். பேனா தாளைக் கிழித்துவிடும்போல அழுத்திப் போட்டார்.

ஆசிரியருக்கு எழுதும் கடிதத்தை மட்டும் என்னிடம் கொடுக்கவில்லை, அவரே அடித்தார். பக்கத்தில் இருந்ததால் எனக்குத் தெரிந்தது. முன்பு அனுப்பிய வடிவத்தில் வீட்டுக் கணக்கெடுப்பு ஒன்று இருந்தது, அதற்கு முன் அனுமதி பெறப்படவில்லை, எனவே அது நீக்கப்பட்டுள்ளது. ஒரே வாக்கியம். எழுதிவிட்டு அழித்தார். மறுபடி எழுதினார்.

மிச்சம் இருந்தது அறுபதாம் வரி. எல்லா ஆசிரியர்களும் இறுதி வடிவத்தைப் படித்து ஒப்புக்கொண்டார்கள். அதற்கு மேடத்தின் கையெழுத்து மட்டும் போதாது.

வியாழக்கிழமை கல்லூரியில் சாரின் அறைக்குப் போனார். நடந்ததை வெள்ளிக்கிழமை மதியம் சாலமோன் அண்ணனிடம் சொன்னார், அல்லது சுவரிடம் சொன்னார். சார் நாற்பது நிமிடம் நிற்க வைத்திருக்கிறார். நடுவில் மூன்று பேர் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். பிறகு கடிதத்தைப் படித்திருக்கிறார்.

“அந்த வாக்கியத்தை எடுன்னாரு. எடுக்கறேன் சார், பழைய இருபத்தேழுல அனுமதி இருந்துச்சுன்னு கையெழுத்து போடுங்கன்னு சொன்னேன்.”

“அதுக்கு இன்னா சொன்னாரு?”

“இந்த வருஷம் அவரோட லிஸ்ட்டுல ஒரு பேப்பர்கூட இல்லை. என்ன சொல்லுவாரு.”

அறுபதாம் வரியில் குமரேசன் சாரின் சுருக்கொப்பம் இருந்தது. கட்டத்துக்கு வெளியே பாதி போயிருந்தது. பிராஜெக்டிலிருந்து மேடத்தை எடுத்துவிட்டதாக ஒரு கடிதமும் கையோடு கொடுத்திருந்தார். அதைத் தேதி போட்டு, முத்திரை போட்டு, சரியாகக் கொடுத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு எங்கள் கடைக் கம்ப்யூட்டரிலேயே அனுப்பினார். கட்டுரை வகையில் சிறப்பிதழின் பெயர். ஃபைல்கள் ஒவ்வொன்றாக ஏறின. கட்டுரை ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸில் எழுதியவர் என்ற இடத்தில் குமரேசன் சாரின் கம்ப்யூட்டர் பெயர் இருந்ததைக் காலையிலேயே நீக்கியிருந்தேன். எல்லாம் சேர்ந்து ஒரே பி.டி.எஃப். ஆக வந்ததும், அனுப்பு என்ற பொத்தானுக்கு மேடம் மௌஸைக் கொண்டுபோனார்.

“ஒரு நிமிஷம் மேடம்.”

“இப்ப என்ன?”

இரண்டாம் படம். மாதிரி எடுத்த இடங்களைக் காட்டும் வரைபடம். கீழே வலது மூலையில், வடக்குக் குறிக்குப் பக்கத்தில், எறும்பு அளவு எழுத்தில் கல்லூரியின் பெயர் இருந்தது. வரைபடம் போட்ட மென்பொருளே ஒட்டியது.

அவர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. படத்தை வெட்டி மறுபடி ஏற்ற இருபது நிமிடம் ஆனது. நான்கு மணிக்கு முன்னால் போய்விட்டது. அவர் எழுந்து, துப்பட்டாவைத் தலையில் சரிசெய்துகொண்டு, போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனார்.

அடுத்த புதன்கிழமை வந்தார். ஃபோனை என் முன்னால் வைத்தார். கட்டுரைக்கு எண் கொடுத்திருந்தார்கள். தொழில்நுட்பச் சோதனையில் தேறிவிட்டது, மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்பப்படுகிறது. கணக்கெடுப்பைப் பற்றி வெளிப்படையாகத் தெரிவித்ததற்கு ஆசிரியர் ஒரு வரியில் நன்றி சொல்லியிருந்தார்.

“நல்லது மேடம்,” என்றேன்.

“என்ன நல்லது? மதிப்பீட்டுல அடிக்கலாம். பாதிக் கட்டுரைதானே இருக்கு.” ஃபோனை எடுத்துக்கொண்டார். “லேப் சாவியை வாங்கிட்டாரு. வெளியில லேப் தேடணும். கமிட்டில கேட்டேன், முடிஞ்சுபோன சர்வேக்குப் பின்னாடி அனுமதி தர மாட்டாங்களாம். தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாது மேடம்.”

“முதல்ல அனுமதி, அப்புறம்தான் கதவு. இருநூத்திப் பன்னிரண்டையும் மறுபடி தட்டணும்.”

சாலமோன் அண்ணன் டீ வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றார். கைப்பையிலிருந்து ஒரு கத்தைத் தாளை எடுத்து என் கீபோர்டின் மேலேயே வைத்தார். நெறிக்குழுவுக்கு விண்ணப்பிக்கும் விதிமுறைகள். பத்தொன்பது பக்கம்.

“சனிக்கிழமை வருவேன். பிரிச்சு வைங்க,” என்றார். படி இறங்கிய பிறகு நின்று, திரும்பாமலே சேர்த்துக்கொண்டார். “சொல்லைத் தேடிப் பிரிக்காதீங்க. முழுசாப் படிச்சுப் பிரிங்க.”